குறிப்பும் கொப்பியும் விற்கும் யோசனை: பழைய பேராசிரியரிடம் உண்மையான கருத்தைக் கேட்டு எழுதுவது எப்படி

செமஸ்ரர் பரீட்சை நெருங்கும் வாரங்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு யோசனை வராமல் இருந்தால்தான் அதிசயம். நல்ல குறிப்புகளைச் சேர்த்து, அச்சடித்து, வளையம் போட்டு, கூடவே சீ.ஆர். கொப்பி, பேனை, கோவை எல்லாவற்றையும் வளாகத்துக்குள்ளேயே விற்றால் என்ன? யோசனை வந்ததும் அடுத்ததாகத் தோன்றுவது, முன்பு படிப்பித்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்பது. கேட்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது ஒரே பதில்: "நல்ல முயற்சி, வாழ்த்துகள்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குற்றம் பேராசிரியரிடம் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் பெரியவருக்கு எழுதும் கடிதம் ஆசி கேட்கும் கடிதமாகவே வந்துவிடுகிறது, ஆசி கேட்டவருக்கு யாரும் கணக்குப் பிழை காட்டுவதில்லை. "இது சரிவராது" என்று அவர் மனம் நோகாமல் எழுதக்கூடியபடி கடிதத்தை எப்படி அமைப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். எடுத்துக்கொள்ளும் உதாரணம், முகாமைத்துவ பீடத்தில் இறுதியாண்டில் இருக்கும் ஒரு மாணவி, முதலாம் வருடத்தில் தனக்கு வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பித்து இப்போது ஓய்வுபெற்றுவிட்ட பேராசிரியருக்கு எழுதுவது. கீழே வரும் விலைகளும் எண்ணிக்கைகளும் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. நீங்கள் எழுதும்போது உங்கள் கடைக்காரர் சொன்ன விலையைப் போடுங்கள்.

யாருக்கு எழுதுவது

உங்கள் விடைத்தாளை இன்னும் திருத்தவிருக்கும் ஒருவருக்கு இந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். ஓய்வுபெற்றவர், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனவர், அல்லது முதலாம் இரண்டாம் வருடத்தோடு உங்கள் பாடங்களை முடித்துவிட்டவர் பொருத்தமானவர். ஆய்வுக் கட்டுரைக்கு உங்களை மேற்பார்வை செய்பவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், பெறுபேறு வெளிவரும்வரை அவரை விட்டுவிடுங்கள்.

வியாபாரம் தெரிந்த பேராசிரியரைத்தான் தேடவேண்டும் என்றில்லை. பேனை என்ன விலைக்கு ஓடும் என்பதைப் புத்தகக்கடைக்காரர் அவரைவிட நன்றாகச் சொல்வார். பேராசிரியர் மட்டும் சொல்லக்கூடியது வேறு: முதலாம் வருடப் பிள்ளைகள் எந்த இடத்தில் இடறுகிறார்கள், குறிப்பை வாங்கி என்ன செய்கிறார்கள், பாடத்திட்டம் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது, வளாகத்துக்குள் விற்பனை என்றால் பீடம் எப்படிப் பார்க்கும். கடிதத்தில் கேட்கவேண்டியவை இவைதான்.

எழுதுமுன் குறிப்புகளைப் பிரித்துவையுங்கள்

இந்த யோசனையில் மற்ற வியாபாரங்களில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் கருத்துக் கேட்கப்போகும் ஆளும், நீங்கள் விற்கப்போகும் பொருளின் சொந்தக்காரரும் ஒருவராகவே இருக்கலாம். அவருடைய ரியூட்டை அச்சடித்து விற்கலாமா என்று அவரிடமே, அதைச் சொல்லாமல் கேட்பதுபோல் கடிதம் அமைந்துவிட்டால், அவர் மற்ற எதையும் வாசிக்கமாட்டார்.

ஆகவே கையிலுள்ள குறிப்புகளை மேசையில் பரப்பி மூன்று கட்டாகப் பிரியுங்கள். முதலாவது, விரிவுரையாளர் தந்த ரியூட், திரையில் காட்டிய சிலைட், பாடநூலிலிருந்து எடுத்த பக்கங்கள். இரண்டாவது, அவர் சொல்லச்சொல்ல நீங்கள் எழுதியது. மூன்றாவது, நீங்களே விளங்கி, உங்கள் சொற்களில், உங்கள் உதாரணங்களோடு எழுதியது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்தை மட்டுமல்ல, விரிவுரை, உரை போன்ற வாய்மொழி ஆக்கங்களையும் பாதுகாக்கிறது. அதனால் இரண்டாவது கட்டு "என் கையெழுத்து, ஆகவே என்னுடையது" ஆகிவிடாது. எழுதியது உங்கள் கை, ஆக்கம் அவருடையது. அதே சட்டம் கருத்தையோ முறையையோ பாதுகாப்பதில்லை, அதைச் சொன்ன விதத்தைத்தான் பாதுகாக்கிறது. நியம விலகலைக் கணிக்கும் முறை யாருக்கும் சொந்தமில்லை. அதை விளக்க ஒரு விரிவுரையாளர் உருவாக்கிய உதாரணமும் வரைந்த படமும் அவருடையவை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வேலையின் ஒரு பகுதியாக ஒருவர் உருவாக்கிய ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், வேலை கொடுத்தவரைச் சேரும் என்கிறது சட்டம். எனவே பேராசிரியர் "எடுத்துக்கொள்ளும்" என்று அன்பாகச் சொல்லிவிட்டாலும் அது மட்டும் போதாமல் போகலாம், பல்கலைக்கழகத்தின் சம்மதமும் தேவைப்படலாம். கடந்தகால வினாத்தாள்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நண்பனுக்கு ஒரு பிரதி கொடுப்பது வேறு, விலை போட்டு 50 பிரதி விற்பது வேறு.

பிரித்து முடித்ததும் பலருக்கு மூன்றாவது கட்டு மிக மெலிதாக இருப்பது தெரியவரும். அப்படியானால் இப்போதைக்கு விற்பதற்கு உங்களிடம் குறிப்பு இல்லை என்று அர்த்தம். அது கடிதம் எழுதுவதற்கு முன்பே கிடைத்த ஒரு பதில்.

எங்கள் உதாரண மாணவி மூன்றாவது கட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். பாடசாலையில் உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, முகாமைத்துவ பீடத்தில் ஆங்கிலத்தில் புள்ளிவிபரவியலை எதிர்கொள்ளும் பிள்ளைகளுக்குப் படிமுறைகளைத் தமிழில் விளக்கி, கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்து, 120 பக்கத்தில் தானே எழுதிய ஒரு புத்தகம். இப்படி ஒடுக்கிய பிறகுதான் யோசனைக்கு ஒரு முகம் வருகிறது. "யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் எல்லாருக்கும் எல்லாக் குறிப்பும்" என்று எழுதியிருந்தால், பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பதை நினைவூட்டுவதோடு பேராசிரியரின் பதில் முடிந்திருக்கும்.

ஒரு தாளில் கணக்கு

கடிதத்தோடு போகவேண்டியது ஒரேயொரு தாள். அதற்கு முன் இரண்டு வேலை உண்டு.

ஒன்று, குறைந்தது மூன்று அச்சுக்கடைகளில் விலை கேட்பது. தனிப் பிரதிக்கு என்ன, 50 பிரதிக்கு என்ன, இரண்டு பக்கமும் அடித்தால் என்ன, வளையம் போட என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். "பக்கம்" என்று கடைக்காரர் சொல்வது தாளையா, தாளின் ஒரு பக்கத்தையா என்பதை அங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இங்கே விளங்காமல் விட்டால் முழுக் கணக்கும் இரண்டு மடங்கு பிழைக்கும்.

மற்றது, வாங்கக்கூடியவர்களிடம் கேட்பது. "இப்படியொரு புத்தகம் வந்தால் வாங்குவீர்களா" என்று ஒரு சீனியர் கேட்டால் முதலாம் வருடப் பிள்ளை "ஓம் அக்கா" என்றுதான் சொல்லும். அந்த "ஓம்" முகத்துக்காகச் சொல்வது. போன செமஸ்ரரில் போட்டோக்கொப்பிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள், எந்தப் பாடத்துக்கு, அதில் எதைக் கடைசிவரை புரட்டவே இல்லை என்று நடந்ததைக் கேளுங்கள். பிறகு 200 ரூபாய் முற்பணம் கேட்டுப் பாருங்கள். காசு கைமாறும்போது "ஓம்" எண்ணிக்கை சுருங்கும், சுருங்கிய எண்ணிக்கைதான் கடிதத்தில் எழுதத்தக்கது. முற்பணம் வாங்கினால் பெயரெழுதி வையுங்கள், புத்தகம் வராவிட்டால் அப்படியே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

மாணவியின் கணக்கு இப்படி வருகிறது. 120 பக்கம், மொத்தமாக அடித்தால் பக்கத்துக்கு 5 ரூபாய், ஆக 600. வளையத்துக்கு 120. ஒரு புத்தகத்தின் அடக்கம் 720 ரூபாய், விற்பனை விலை 850, இலாபம் 130. முப்பது பேரிடம் கேட்டதில் 22 பேர் ஓம் என்றார்கள், முற்பணம் தந்தவர்கள் 9 பேர். அதாவது நூற்றுக்கு 30. வகுப்பில் 150 பேர் என்றால் 45 புத்தகம் போகும், இலாபம் 5,850 ரூபாய்.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அடுத்த வரிதான் முக்கியம்: விற்காமல் மிஞ்சினால் என்ன? மிஞ்சும் ஒவ்வொரு புத்தகமும் 720 ரூபாயை விழுங்குகிறது. 53 அடித்து 45 விற்று 8 மிஞ்சினால், 5,850இலிருந்து 5,760 போய், கையில் நிற்பது 90 ரூபாய். ஒன்பதாவது மிஞ்சினால் நட்டம். அடுத்த வருடம் விற்கலாம் என்று வைத்திருக்கலாம்தான், ஆனால் பாடம் எடுப்பவர் மாறினாலோ பாடத்திட்டம் மாறினாலோ அவை பழைய தாள். இந்த ஒரு வரி தாளில் இருந்தால், முழுத் திட்டத்தையும் நீங்கள் நேர்மையாகப் பார்த்திருக்கிறீர்கள் என்பது பேராசிரியருக்கு உடனே தெரியும். "விற்பனை விலையில் பாதி முற்பணம் தந்தவர்களுக்கு மட்டும் அடிப்பது" என்ற முடிவும் இந்த வரியிலிருந்துதான் பிறக்கும்.

போட்டி யார் என்பதையும் எழுதுங்கள். பக்கத்துக் கடை மட்டுமல்ல. பத்துப் பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தை வாங்கி, மொத்த விலைக்குப் பிரதி எடுத்தால் ஆளுக்குச் சுமார் 600 ரூபாய். ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டால் மற்றவர்களுக்கு இலவசம். இதைத் தடுக்க வழியில்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கொப்பி, பேனைப் பகுதியின் கணக்கு வேறு மாதிரி. அதில் இலாபம் குறைவு, ஆனால் மிஞ்சினாலும் கெடாது, அடுத்த செமஸ்ரருக்கும் அதே சீ.ஆர். கொப்பிதான். அங்கே உள்ள ஆபத்து இரண்டு: காசு சரக்கில் முடங்குவது, "நாளைக்குத் தாறன்" என்று எடுத்துப்போகும் கடன். ஆகவே குறிப்பையும் கொப்பியையும் ஒரே மொத்தத்தில் போட்டுக் கலக்காதீர்கள். கலந்தால் எது எதைத் தாங்குகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, வாசிப்பவருக்கும் தெரியாது.

நகலில் வெட்டவேண்டியவை

முதல் நகல் எப்படி வந்தாலும் வரட்டும். பிறகு பேனையை எடுத்து, பதிலின் வாயை அடைக்கும் வரிகளை வெட்டுங்கள்.

"உங்கள் ஆசியையும் வழிகாட்டலையும் வேண்டி நிற்கிறேன்" என்பதற்கு ஆசி வரும். "எனது நீண்டநாள் கனவு" என்று எழுதினால் அதை உடைக்க ஒருவருக்கும் மனம் வராது. "எல்லாரும் மிகவும் வரவேற்கிறார்கள்" என்பது ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்டது என்கிறது. "உங்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்கவும்" என்பது எதைப் பற்றி என்று சொல்லாததால், அவர் பொதுவாக இரண்டு வரி எழுதி முடித்துக்கொள்வார். பேராசிரியரின் பெருமையைப் பற்றிய ஒரு முழுப் பந்தியும் இதே வேலையைத்தான் செய்யும், புகழ்ந்தவரைக் குறைசொல்வது கடினம். மரியாதை, விளிப்பிலும் வினைமுற்றிலும் கடிதத்தின் சுருக்கத்திலும் இருந்தால் போதும்.

இவற்றுக்குப் பதிலாக நான்கு விடயங்கள் கடிதத்தில் இருக்கவேண்டும். நீங்கள் யார், எந்த வருடம் எந்தப் பாடம் என்ற ஒரு வரி. நூற்றுக்கணக்கானோரைப் படிப்பித்தவருக்கு உங்கள் பெயர் நினைவிருக்கும் என்று நம்பவேண்டாம். அடுத்து, நீங்கள் எதைக் கேட்கவில்லை என்பது: பணமா, சிபாரிசா, அனுமதியா என்ற சந்தேகம் முதல் பந்தியிலேயே தீர்ந்தால்தான் அவர் தளர்ந்து வாசிப்பார். மூன்றாவது, உங்களுக்கே தெரிந்த பலவீனம். அதை நீங்களே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல அவருக்கு வழி திறக்கும். நான்காவது, "வேண்டாம்" என்று அவர் சொன்னால் உங்களுக்கு என்ன இழப்பு என்பது. இன்னும் காசு போடவில்லை என்று தெரிந்தால் அவர் தயங்காமல் சொல்வார். அச்சடித்து முடித்துவிட்டுக் கேட்பவருக்கு எவரும் உண்மை சொல்லமாட்டார்கள், சொல்லியும் பயனில்லை.

கடிதம்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
(திகதி)

மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சேர். முதலாம் வருடத்தில் நீங்கள் எங்கள் பிரிவுக்கு வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பித்தீர்கள். நான் இப்போது முகாமைத்துவ பீடத்தில் இறுதி வருடத்தில் இருக்கிறேன். ஒரு சிறு வியாபார யோசனையை உங்களிடம் சொல்லி, அதில் பிழை எங்கே என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பணமோ சிபாரிசோ கேட்கவில்லை. உங்கள் ரியூட்டிலிருந்தோ விரிவுரையிலிருந்தோ எதையும் எடுத்து விற்கும் எண்ணமும் இல்லை.

யோசனை இதுதான். முதலாம் வருடப் புள்ளிவிபரவியலுக்கு 120 பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகம். படிமுறைகள் தமிழில், கலைச்சொற்களும் விடையும் ஆங்கிலத்தில். உதாரணக் கணக்குகள் அனைத்தும் நானே அமைத்தவை. செமஸ்ரர் தொடங்கும் வாரத்தில் இதை 850 ரூபாய்க்கு விற்பதும், அதோடு விரும்புவோருக்குச் சீ.ஆர். கொப்பி, பேனை கொடுப்பதும் திட்டம். இதுவரை எழுதி முடித்தது 35 பக்கம். அதில் நான்கு பக்கத்தையும் செலவுக் கணக்கு ஒரு தாளையும் இணைத்திருக்கிறேன்.

முப்பது பேரிடம் கேட்டேன். 22 பேர் வாங்குவோம் என்றார்கள், 200 ரூபாய் முற்பணம் தந்தவர்கள் 9 பேர். இதை வைத்து 150 பேர் வகுப்பில் 45 புத்தகம் போகும் என்று எடுத்தேன். ஆனால் முப்பது பேரில் பெரும்பாலானோர் நான் இருக்கும் விடுதிப் பிள்ளைகள். 45ஐ விற்று 8 புத்தகம் மிஞ்சினாலே இலாபம் 90 ரூபாய்தான் என்பதும், எழுதிய நேரத்துக்கு இதில் கூலி இல்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. நான் அடுத்த வருடம் வளாகத்தில் இருக்கமாட்டேன், யார் தொடர்வது என்பதற்கும் இன்னும் விடை இல்லை.

உங்களிடம் கேட்பது மூன்று கேள்வி:

தமிழில் விளக்கம் கொடுப்பது இந்தப் பிள்ளைகளுக்கு உதவுமா, அல்லது ஆங்கிலத்தில் விடை எழுதப் பழகுவதைப் பின்போட்டு இரண்டாம் வருடத்தில் அவர்களைக் கூடுதலாகத் திணறவைக்குமா?

நான் கேட்ட முப்பது பேரை வைத்து 45 என்று சொல்வது எவ்வளவு தூரம் நிற்கும்?

இணைத்த நான்கு பக்கத்தில், நீங்கள் படிப்பிக்கும்போது மாணவர் வழமையாக இடறும் இடத்தை நான் தொட்டிருக்கிறேனா, தவறவிட்டிருக்கிறேனா?

இன்னும் ஒரு தாள்கூட அச்சுக்குக் கொடுக்கவில்லை. இது வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஒன்பது பேரின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுதிய பக்கங்களைத் தம்பி தங்கைகளுக்கு இலவசமாகக் கொடுப்பேன். ஒற்றை வரியில் பதில் எழுதினாலும் போதும். நேரமில்லாவிட்டால் எழுதாமல் விட்டாலும் நான் தவறாக எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
(பெயர், பதிவிலக்கம், தொலைபேசி இலக்கம்)

ஏன் இப்படி

கடிதத்தின் பலம் மூன்றாவது பந்தியில் இருக்கிறது. பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகளிடமே கேட்டது ஒரு மாதிரியெடுப்புப் பிழை. புள்ளிவிபரவியல் படிப்பித்தவருக்கு அதை மறைத்து எழுதினால் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார், பிடித்தபின் மற்ற எண்களையும் நம்பமாட்டார். சொல்லி எழுதினால், வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் கேட்டீரா, தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவருக்குத் தமிழ் விளக்கம் பயன்படாதே, அவர்களை 150இலிருந்து கழித்தீரா என்று அவர் அடுத்த படிக்குப் போவார். அந்த இரண்டாவது கேள்வி 45ஐ 30ஆகக் குறைக்கக்கூடியது, பேராசிரியரிடம் போனதன் பயனே அதுதான்.

கேள்விகள் மூன்றுக்கு மேல் போகவேண்டாம். ஒவ்வொன்றும் "இல்லை" என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். முதல் கேள்வி தன் யோசனையின் அடித்தளத்தையே சந்தேகிக்கிறது. அந்தக் கேள்விக்கு "பின்போடும்" என்று பதில் வந்தால் விலை, வளையம், முற்பணம் எல்லாவற்றையும் பற்றிய யோசனை தேவையில்லாமல் போகிறது. ஆகவே அது முதலில் நிற்கவேண்டும். பேனைக்கு எவ்வளவு இலாபம் வைக்கலாம் என்ற கேள்வி கடிதத்தில் இல்லாததைக் கவனியுங்கள். அது அவரிடம் கேட்கவேண்டியதல்ல.

நான்கு மாதிரிப் பக்கங்களில் மிகச் சுத்தமானவற்றைத் தெரிவுசெய்யும் ஆசை வரும். கடினமான பகுதியிலிருந்து எடுங்கள். கூட்டல் சராசரியை யாரும் விளக்கிவிடலாம். கருதுகோள் சோதனையில் எந்தக் கருதுகோளை முதலில் எழுதுவது என்று பிள்ளைகள் குழம்பும் இடத்தை நீங்கள் எப்படி விளக்கியிருக்கிறீர்கள் என்பதில்தான் புத்தகத்தின் தரம் தெரியும்.

அனுப்புதல்

கடிதம் ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடலாம், இரண்டைத் தாண்டக்கூடாது. மின்னஞ்சலில் அனுப்பினால் கடிதத்தை உடலிலேயே எழுதுங்கள், கணக்குத் தாளையும் மாதிரிப் பக்கங்களையும் ஒரே இணைப்பாகப் போடுங்கள். ஓய்வுபெற்ற சிலருக்குத் திரையில் வாசிப்பது சிரமம். அப்படியானவருக்கு அச்சடித்துத் தபாலில் அனுப்புவது அல்லது வீட்டில் கொடுத்துவிட்டு வருவது நல்லது. நேரில் கொடுத்தால் வாசலில் நின்று விளக்கவேண்டாம். முகத்துக்கு முன்னால் மறுப்புச் சொல்வது யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சுலபமல்ல, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எழுத்தில் கேட்பதே எழுத்தில் பதில் வாங்குவதற்காகத்தான்.

வட்ஸ்அப்பில் இந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். அங்கே பதில் ஒரு கைகூப்பிய படமாக வந்து முடியும்.

சேவையில் உள்ளவர் என்றால் பரீட்சை நடக்கும் வாரங்களையும் விடைத்தாள் திருத்தும் காலத்தையும் நல்லூர்த் திருவிழா நாட்களையும் தவிர்த்து அனுப்புங்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரேயொரு நினைவூட்டல், இரண்டு வரியில். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடவேண்டும்.

பதிலை வாசித்தல்

"நல்ல முயற்சி" என்று தொடங்கி, மூன்று கேள்விகளில் எதையும் தொடாமல் முடிந்தால், அவருக்கு நம்பிக்கை இல்லை, அல்லது நேரமில்லை. இரண்டில் எதுவானாலும் அதைச் சம்மதமாக எண்ணி அச்சுக்குப் போகாதீர்கள். "யோசிச்சுச் செய்யும்", "முதல் பரீட்சையைப் பாரும்" என்பவை மரியாதையான "வேண்டாம்". எரிச்சல்போலத் தோன்றும் பதில்தான் பெரும்பாலும் மிகவும் பயனுள்ளது: இந்தப் பக்கத்தில் வரைவிலக்கணம் பிழை, இந்தப் பகுதி புதிய பாடத்திட்டத்தில் இல்லை, இந்தக் குறிப்பை வாங்குபவர் விரிவுரைக்கு வரமாட்டார் என்று சுட்டி எழுதினால், அவர் இருந்து வாசித்திருக்கிறார்.

அப்படி ஒரு பதில் வந்தால் உடனே பதிலுக்கு வாதாடவேண்டாம். நன்றி மட்டும் எழுதிவிட்டு, அவர் சொன்னதை வைத்துக் கணக்குத் தாளைத் திருத்துங்கள். உதாரண மாணவி சிங்கள மாணவரையும், ஏற்கெனவே ஆங்கிலத்தில் உயர்தரம் படித்தவர்களையும் கழித்து வகுப்பை 100 என்று எடுத்தால், நூற்றுக்கு 30 வீதம் 30 புத்தகம், இலாபம் 3,900. இப்போது ஐந்து மிஞ்சினால் 3,600 போய்க் கையில் 300 ரூபாய், ஆறு மிஞ்சினால் நட்டம். இந்த நிலையில் நியாயமான முடிவுகள் இரண்டு. அடக்க விலைக்கு மேல் முற்பணம் தந்த எண்ணிக்கையை மட்டும் அச்சடிப்பது ஒன்று. குறிப்பை விற்பதை விட்டுவிட்டு, கொப்பி, பேனையை மட்டும் ஒரு செமஸ்ரர் சிறிய அளவில் செய்து பார்ப்பது மற்றது. எதைத் தெரிவுசெய்தாலும் வளாகத்துக்குள் மேசை போடுமுன் பீடத்தில் கேட்கவேண்டும், தொடர்ந்து செய்வதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றி விசாரிக்கவேண்டும்.

எடுத்த முடிவைப் பேராசிரியருக்கு நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள், அவர் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று. அவருடைய பதிலைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போடுவதும், "பேராசிரியர் பார்வையிட்டது" என்று புத்தகத்தின் அட்டையில் அச்சிடுவதும் கூடாது. அவர் தந்தது உங்களுக்கான கருத்து, விளம்பரத்துக்கு வேண்டுமென்றால் அதற்கு வேறாக, எழுத்தில் அனுமதி கேட்கவேண்டும்.